விளக்கேற்றிய மறுநாளும் கதவு திறந்திருக்கும் என்று எழுதுங்கள்

கேள்வி:

நான் திருகோணமலையில் சித்திர ஆசிரியை. கரைவலை இழுப்பவர்களை வைத்து வரைந்த 24 ஓவியங்களுடன் என் முதல் தனிக் கண்காட்சி நடக்கப் போகிறது. இடம், உட்துறைமுக வீதியில் உறவினர் ஒருவரின் பழைய வீட்டு முன்மண்டபம். 2026 ஓகஸ்ட் 7 வெள்ளி தொடங்கி 16 ஞாயிறு வரை. பாடசாலை விட்ட பிறகுதான் நான் அங்கே நிற்க முடியும். திங்கட்கிழமை மூடலாமா என்றும் யோசிக்கிறேன். சின்ன நீர்வர்ணம் 12,000 ரூபா, பெரிய கன்வஸ் 85,000 வரை. விலையைப் பற்றி வெளியில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. முகநூல், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றிலும் படத்தோடு போட இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"பேரன்புடையீர், இறையருளால் எனது முதலாவது தனிநபர் ஓவியக் கண்காட்சி எதிர்வரும் வெள்ளிக்கிழமை மாலை பிரதம அதிதி, சிறப்பு அதிதிகள் மங்கல விளக்கேற்ற இனிதே ஆரம்பமாகவுள்ளது. தொடர்ந்து பத்து நாட்கள் நடைபெறும். அனைவரும் வருக. ஓவியங்களைக் கொள்வனவு செய்ய விரும்புவோர் தொடர்பு கொள்ளவும்."

"கலியாணக் காட் மாதிரி இருக்கு" என்கிறான் மகன். எதை மாற்றுவது?

– சித்திர ஆசிரியை, திருகோணமலை


பதில்:

மகன் சொல்வதில் பாதி சரி, ரீச்சர். ஆனால் எனக்கு "பேரன்புடையீர்" பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. நம் ஊரில் நிறையப் பேர் அப்படித்தான் அழைப்பார்கள், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. பிரச்சினை வேறு. நீங்கள் எழுதியது வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும் வரைதான் உயிரோடு இருக்கும். அதற்குப் பிறகு கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள் மிச்சம் இருக்கிறது. அந்த ஒன்பது நாளுக்கும் அதில் ஒரு வரி கூட இல்லை.

கண்காட்சி ஒழுங்கு செய்யும் வேலையில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன். திறப்பு மாலையில் வருபவர்கள் பெரும்பாலும் உங்களுக்காக வருகிறவர்கள். உறவினர், சக ஆசிரியர்கள், பழைய மாணவர்கள். றோல்ஸும் தேநீரும் கையில் இருக்கும், பேச்சு சத்தத்தில் ஓவியம் பார்க்க முடியாது, ஒரு படத்தின் முன் இரண்டு நிமிடம் நின்றால் யாராவது தோளைத் தட்டுவார்கள். ஓவியம் வாங்குகிறவர் மறுநாளோ நாலாம் நாளோ தனியாக, அல்லது மனைவியையோ கணவரையோ கூட்டிக்கொண்டு, திரும்பி வருவார். அல்லது திறப்புக்கு வரவே மாட்டார்; யாரோ அனுப்பிய படத்தை செவ்வாய்க்கிழமை வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "இது இன்னும் நடக்குதா? இப்ப போனால் திறந்திருக்குமா?" என்று யோசிப்பார். நீங்கள் எழுத வேண்டியது அந்தச் செவ்வாய்க்கிழமை ஆளுக்கு. அவருக்குப் புரியும்படி எழுதினால் வெள்ளிக்கிழமை வருபவருக்கும் தானாகவே புரியும்.

அந்த ஆளின் கண்ணால் உங்கள் குறிப்பைப் பாருங்கள். "எதிர்வரும் வெள்ளிக்கிழமை" என்றால் அவருக்கு 14ஆம் திகதி. அன்று மாலை பட்டுச்சேலையோடு திறப்பு விழாவுக்கு வந்து நிற்பார். "தொடர்ந்து பத்து நாட்கள்" என்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? திறப்பு நாள் சேர்த்தா, விட்டா? 16இலா 17இலா முடிகிறது? திங்கட்கிழமை நீங்கள் மூடினால் அது பத்து நாளே இல்லை. ஆகவே "எதிர்வரும்", "நாளை", "இந்த வார இறுதி", "பத்து நாட்கள்" எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டையும் கிழமையோடு எழுதுங்கள்: 2026 ஓகஸ்ட் 7 வெள்ளி முதல் 16 ஞாயிறு வரை.

கிழமை கட்டாயம் வேண்டும். திகதியில் ஒரு எண் தவறினால் கிழமை அதைக் காட்டிக் கொடுக்கும். அனுப்பும் முன் நாட்காட்டியோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்; நீங்கள் தந்திருப்பது சரியாகவே இருக்கிறது. மாதத்தையும் எழுத்தில் எழுதுங்கள். ஓகஸ்டில் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வெளிநாட்டார் தங்கியிருக்கும் காலம். "07.08.2026" என்று போட்டால் அமெரிக்கர் ஒருவர் அதை யூலை 8 என்று வாசித்து, முடிந்துவிட்டது என்று விட்டுவிடுவார்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் போட்ட எழுத்தைப் பிறகு திருத்தலாம். வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் மட்டும்தான் திருத்த முடியும். அதற்குள் உங்கள் மச்சாள் அதை நாலு குழுவுக்கு அனுப்பியிருப்பார். அந்தப் பிரதிகளை நீங்கள் தொடவே முடியாது. படத்துக்குள் அச்சடித்த எழுத்தும் அப்படியே. ஆகவே மாறக்கூடிய எதையும் படத்தில் போடாதீர்கள். படத்தில் ஓவியமும், கண்காட்சியின் பெயரும், இடமும், தொடக்கமும் முடிவும் போதும். நேரம், தொலைபேசி இலக்கம், விலை எல்லாம் படத்துக்குக் கீழே எழுத்தில் வரட்டும். எழுத்தில் இருந்தால் இலக்கத்தை எடுத்து அழைப்பது சுலபம், படத்திலிருந்து அவ்வளவு சுலபமில்லை.

அடுத்தது நேரம். முதல் கண்காட்சி வைப்பவர்கள் பெரும்பாலும் பெரிய நேரமாகப் போட்டுவிடுவார்கள், "காலை 9 முதல் இரவு 8 வரை" என்று. அது நன்றாகத்தான் இருக்கும், பிறகு புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவர் வெயிலில் ஓட்டோவில் வந்து இறங்கிப் பூட்டிய கதவைப் பார்ப்பார். அவர் திரும்ப வரமாட்டார். உண்மையில் யார் கதவைத் திறந்து வைக்கப் போகிறார் என்பதிலிருந்து நேரத்தைத் தொடங்குங்கள். பாடசாலை ஒன்றரைக்கு விட்டால், வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, மூன்று மணிக்கு நீங்கள் மண்டபத்தில் இருக்கலாம். ஓகஸ்ட் வெயிலில் அதற்கு முன் ஊரவர் யாரும் ஓவியம் பார்க்க வரப்போவதும் இல்லை. மாலையில் கடற்கரைக்குக் காற்று வாங்க இறங்குகிற சனம்தான் உங்கள் பார்வையாளர். எனவே கிழமை நாட்களில் பிற்பகல் 3 முதல் இரவு 7.30 வரை. சனி, ஞாயிறு காலை 10 முதல் 7.30 வரை. அவ்வளவுதான்.

திங்கள் மூட வேண்டாம் என்பது என் யோசனை. பெரிய கலைக்கூடங்களில் அந்த வழக்கம் உண்டு. அங்கே கண்காட்சி மாதக்கணக்கில் நடக்கும், பணியாளருக்கு விடுமுறை வேண்டும். உங்களுக்குப் பத்து நாள்தான், கிழமை நாளில் நாலரை மணித்தியாலம். விதிவிலக்கு ஒன்று சேர்த்தால் குறிப்பில் ஒரு வரி கூடும், அதை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள். களைப்பாக இருந்தால் அன்று பெறாமகனோ மருமகளோ நிற்கட்டும், கதவு திறந்திருக்கட்டும்.

இந்த நேர ஒழுங்கில் இன்னொரு வசதி இருக்கிறது. 12ஆம் திகதி புதன்கிழமை ஆடி அமாவாசை. அன்று காலை சைவக் குடும்பங்கள் பலவற்றில் தீர்த்தம், பிதிர்க்கடன், விரதச் சமையல் என்று ஆள் அசைய முடியாது. ஒருவேளை உங்கள் வீட்டிலும்தான். மூன்று மணிக்குத் திறக்கிறீர்கள் என்பதால் அமாவாசைக்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிற முஸ்லிம் அன்பர்களுக்கும் அப்படியே. இந்த நாட்களுக்குள் போயா விடுமுறையும் வரவில்லை. எழுத வேண்டிய மாறுதல் இரண்டுதான்: முதல் நாள் திறப்பு மாலை 4.30க்கு, கடைசி நாள் மாலை 5 மணியோடு முடிவு. கடைசி நாளில் சீக்கிரம் முடிப்பது எதற்கு என்றால், அன்றே சுவரிலிருந்து இறக்கி, வாங்கியவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இருட்டில் கண்ணாடி போட்ட நீர்வர்ணங்களைக் கழற்றக் கூடாது.

"4.30" என்று மட்டும் எழுதாமல் "மாலை 4.30" என்று எழுதுங்கள். மு.ப., பி.ப. என்பதும் எல்லோருக்கும் புரியும், ஆனால் அது கந்தோர்க் கடிதம் மாதிரி இருக்கும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வீட்டிலக்கம், வீதி, அருகில் அசையாத ஒரு அடையாளம். வீதியில் மான்கள் திரியும் நம் ஊரில் "மான் நிற்கிற திருப்பம்" என்று சொன்னால் எல்லோரும் சிரித்துவிட்டுச் சரியான இடத்துக்குத்தான் வருவார்கள், ஆனால் வெளியூர்க்காரருக்கு மான் நகர்ந்துவிடும். பழைய வீடு என்பதால் எந்த வாசலால் உள்ளே வருவது என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். படலை மூடியிருந்தால் வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்கிறோமோ என்று எண்ணித் திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

சரி, இப்போது நீங்கள் கூச்சப்படும் இடத்துக்கு வருவோம். "கொள்வனவு செய்ய விரும்புவோர் தொடர்பு கொள்ளவும்." யாரை, எப்படி, எப்போது? அந்த வரி கேட்பவரைத் தயங்க வைக்கிறது. விலை தெரியாமல் கேட்கப் போனால், கேட்ட பிறகு "வேண்டாம்" என்று சொல்ல வேண்டி வருமே என்ற பயம் நம்மவர்களுக்கு நிறைய. அதுவும் நீங்கள் அவர்களின் பிள்ளைக்குப் படிப்பித்த ரீச்சர். உங்களிடம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போவது அவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசியுங்கள். கூச்சம் உங்களுக்கு மட்டும் இல்லை.

கொழும்பின் சில கலைக்கூடங்களில் விலையை வெளியில் சொல்லாமல், கேட்பவருக்கு மட்டும் சொல்வார்கள். அங்கே வாங்குகிறவர்கள் அந்த வழக்கத்துக்குப் பழகியவர்கள். திருகோணமலையில் ஒரு வங்கி உத்தியோகத்தரோ தாதியோ அதைப் பார்த்தால், "இது நமக்கில்லை" என்று முடிவு செய்வார். 12,000 ரூபாவுக்கு ஒரு நீர்வர்ணம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவே வராது. அதே நேரம் 24 ஓவியங்களின் விலையையும் முகநூலில் வரிசையாகப் போடச் சொல்லவும் மாட்டேன். கீழே கருத்துகளில் பேரம் தொடங்கும், யாராவது "இதுக்கு இவ்வளவா" என்பார், அது அங்கேயே வருடக்கணக்கில் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. குறைந்த விலையையும் கூடிய விலையையும் ஒரே வரியில் எழுதுங்கள்: "ஓவியங்கள் ரூபா 12,000 முதல் 85,000 வரை, பிரேமுடன்." ஒவ்வொன்றின் விலையும் மண்டபத்தில் அச்சடித்த பட்டியலில் இருக்கட்டும். வாசலுக்குப் பக்கத்து மேசையில் நாலைந்து பிரதிகள் வையுங்கள். யாரையும் கேட்காமல் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

பிரேமுடனா இல்லையா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பிரேம் விலை தனி என்று வாங்கும் நேரத்தில் தெரிந்தால் முகம் மாறிவிடும். கண்காட்சி முடியும் வரை எல்லோருக்கும் ஒரே விலை. "ரீச்சர், கொஞ்சம் குறைக்கேலாதோ?" என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள். முதல் நாள் முழு விலை கொடுத்தவர் ஆறாம் நாள் இன்னொருவருக்குக் குறைத்ததைக் கேள்விப்பட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொண்டு சிரித்தபடியே மறுத்துவிடுங்கள்.

அப்புறம் இலக்கம். 24 ஓவியங்களுக்கும் 1 முதல் 24 வரை எண் கொடுங்கள். சுவரில் இருக்கும் சின்னச் சீட்டு, விலைப்பட்டியல், நீங்கள் இணையத்தில் போடும் படம் மூன்றிலும் அதே எண் வர வேண்டும். கரைவலை ஓவியம் 24 இருந்தால் "அந்த வலை இழுக்கிற படம்" என்று கேட்பவருக்கு எதைக் காட்டுவது? எண்ணோடு பெயர், ஆண்டு, ஊடகம், அளவு. உதாரணமாக, "இல. 11, விடிகாலைப் பாடு, 2025, கன்வஸில் அக்ரிலிக், 60 × 90 செ.மீ." அளவில் முதலில் உயரம், பிறகு அகலம்; கலைக்கூடங்களில் அதுதான் வழக்கம். மாற்றி எழுதினால் படுக்கையான ஓவியத்தை நிற்கிற ஓவியம் என்று எண்ணி ஒருவர் தன் வீட்டுச் சுவரை அளந்து வைத்திருப்பார்.

தொடர்பு இலக்கம் ஒன்றே ஒன்று. உங்கள் சொந்த இலக்கத்தைப் பொதுவில் போட வேண்டாம்; பெண்கள் யாருக்கும் நான் அதைச் சொல்வதில்லை. ஒரு புது சிம் எடுத்து, வீட்டில் கிடக்கும் பழைய போனில் வட்ஸ்அப் பிஸ்னஸ் போட்டுக்கொள்ளுங்கள். அது இலவசம். நீங்கள் வகுப்பில் இருக்கும்போது யாராவது செய்தி அனுப்பினால், "பிற்பகல் 3 மணிக்குப் பிறகு பதில் தருவேன்" என்று தானாகவே அனுப்பும் வசதி அதில் இருக்கிறது. முகநூலில் போடும்போது இந்த மாதிரி இணைப்பாகவும் கொடுக்கலாம். நாட்டுக் குறியீடு 94, பிறகு உங்கள் இலக்கம், முன்னால் உள்ள 0 வரக்கூடாது, கூட்டல் குறியும் இடைவெளியும் வரக்கூடாது:

```
https://wa.me/947XXXXXXXX
```

இன்ஸ்டகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பை அழுத்தினால் திறக்காது. அங்கே இலக்கத்தை அப்படியே எழுதி, இணைப்பை உங்கள் முகப்புப் பக்கத்து அறிமுகத்தில் போடுங்கள்.

கருத்துகளில் "விலை?" என்று யாராவது கேட்டால் "இன்பொக்ஸ் வாங்கோ" என்று பதில் போடாதீர்கள். அது வாங்க வந்தவரை எரிச்சலாக்கும், பார்க்கிற மற்றவருக்கும் எதையோ மறைக்கிறீர்கள் என்று தோன்றும். கேட்ட ஓவியத்தின் விலையை அங்கேயே சொல்லிவிடுங்கள். ஒன்றிரண்டு விலை வெளியில் தெரிவதால் நீங்கள் ஒன்றும் குறைந்து போவதில்லை.

இனி, ஒரே ஓவியத்தை இருவர் கேட்கும் நேரம் வரும். எட்டாம் திகதி சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு ஒரு தம்பதி மண்டபத்தில் 11ஆம் இலக்கத்தின் முன் நின்று, "நாளைக்குச் சொல்லுறம், வேற ஆருக்கும் குடுத்திடாதேங்கோ" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் தங்கியிருப்பவர் வட்ஸ்அப்பில் "11 இருக்கிறதா?" என்று கேட்கிறார். மேசையில் இருக்கும் பையன் தம்பதியைப் பார்த்தான், போன் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் "இருக்கிறது" என்று அனுப்பிவிட்டால் ஒரே ஓவியத்தை இருவருக்குச் சொன்னதாகிவிடும். இதற்கு ஒரு கொப்பி போதும். ஓவிய இலக்கம், கேட்டவர் பெயர், கேட்ட நேரம், எதுவரை வைத்திருப்பது. மண்டபத்தில் கேட்டாலும் போனில் கேட்டாலும் அந்த ஒரே கொப்பியில் எழுத வேண்டும், எழுதாமல் யாரும் பதில் சொல்லக் கூடாது. வாய்ச்சொல்லுக்கு 24 மணித்தியாலம் வைத்திருங்கள். நிலாவெளிக்காரருக்கு, "11ஐ ஒருவர் நாளை இரவு 7 மணி வரை கேட்டிருக்கிறார். அடுத்ததாக உங்கள் பெயரை எழுதட்டுமா?" என்று நேராகச் சொல்லுங்கள். இரண்டாம் ஆள் இருப்பது முதல் ஆளுக்கும் சீக்கிரம் முடிவெடுக்க உதவும்.

பாதிப் பணம் கைக்கு வந்து, பற்றுச்சீட்டு எழுதிய பிறகுதான் சீட்டில் சிவப்புப் பொட்டு. இது எல்லா ஊரிலும் "விற்றாகிவிட்டது" என்பதற்கான அடையாளம். வாய்ச்சொல்லுக்கே சிவப்பு ஒட்டினால் அடுத்து வருபவர்கள் அந்த ஓவியத்தைக் கேட்கவே மாட்டார்கள். கடைசியில் முதல் ஆளும் வாங்காமல் போய், நல்ல ஓவியம் உங்களிடமே திரும்பி வரும். வைத்திருப்பதற்குப் பொட்டைப் பாதியாக வெட்டி ஒட்டுங்கள். இந்த விதி எல்லாவற்றையும் குறிப்பில் எழுத வேண்டியதில்லை. குறிப்பில் இலக்கம் எது, என்ன அனுப்ப வேண்டும், எப்போது பதில் வரும் என்பது மட்டும் இருந்தால் சரி. மிச்சம் பதில் செய்தியில்.

ஒரு விஷயம் மட்டும் குறிப்பிலேயே சொல்ல வேண்டும், வாங்கிய ஓவியம் எப்போது கையில் கிடைக்கும் என்பது. கொழும்பில் 1993இல் தொடங்கிய கலா பொலவுக்குப் போய் ஓவியம் வாங்கிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஓவியர் வீதியோரம் தன் படங்களோடு நிற்பார், விலை பேசிக் கையோடு கொண்டு போகலாம். கண்காட்சியில் அப்படிக் கொடுத்தால் நாலாம் நாள் சுவரில் ஆணி மட்டும் இருக்கும். ஆகவே 16ஆம் திகதி மாலை 5 மணிக்குப் பிறகு என்று எழுதுங்கள். ஒன்பதாம் திகதி ஊரை விட்டுப் போகிற உல்லாசப் பயணிக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம், முழுப்பணமும் வாங்கிக்கொண்டு. அவர் பிரேம் இல்லாமல் சுருட்டிக் கேட்டால், அக்ரிலிக் கன்வஸை வர்ணப் பக்கம் வெளியே வரும்படி, அகலமான குழாயில் தளர்வாகச் சுருட்டுங்கள். உள்ளே மடிந்தால் வர்ணம் நெரிந்து சுருக்கம் விழும். பத்திரிகைத் தாள் வைத்துச் சுற்றவே வேண்டாம், இந்த வெக்கைக்கு மை ஒட்டிவிடும்.

இவ்வளவையும் வைத்து உங்கள் குறிப்பை நான் இப்படி எழுதுவேன்:

கரைவலை: ஓவியக் கண்காட்சி
திருகோணமலை, உட்துறைமுக வீதி. 2026 ஓகஸ்ட் 7 வெள்ளி முதல் 16 ஞாயிறு வரை.

விடிய முன்னர் வலை வளைக்கப் போகிறவர்களையும் வெயிலேற இழுத்து முடிப்பவர்களையும் கரையில் நின்று பார்த்து வரைந்த 24 ஓவியங்கள். எனது முதல் தனிக் கண்காட்சி.

திறப்பு: ஓகஸ்ட் 7 வெள்ளி மாலை 4.30. எல்லோரும் வரலாம்.
பார்வை நேரம்: திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 3 – இரவு 7.30. சனி, ஞாயிறு காலை 10 – இரவு 7.30. கடைசி நாள் (16) மாலை 5 மணி வரை. அனுமதி இலவசம்.
இடம்: (வீட்டிலக்கம்), உட்துறைமுக வீதி. வீதிப் பக்கத்துப் பெரிய படலையால் வாருங்கள்.

ஓவியங்கள் ரூபா 12,000 முதல் 85,000 வரை, பிரேமுடன். விலைப்பட்டியல் மண்டபத்தில் உண்டு. வாங்க விரும்பினால் ஓவிய இலக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: (இலக்கம்). அன்று இரவுக்குள் பதில் தருவேன். வாங்கிய ஓவியங்களை 16ஆம் திகதி மாலை 5 மணிக்குப் பிறகு பெற்றுக்கொள்ளலாம்.

படத்தில்: இல. 11, விடிகாலைப் பாடு, 2025, கன்வஸில் அக்ரிலிக், 60 × 90 செ.மீ.

அதிதிகளின் பெயர்கள் எங்கே என்று கேட்பீர்கள். அச்சடித்த அழைப்பிதழில் முறைப்படி போடுங்கள், திறப்புக்கு முந்திய நாள் அவர்களின் பெயரோடு தனியாக ஒரு பதிவும் போடுங்கள். அவர்களுக்கும் அதுதான் மரியாதை. இந்தக் குறிப்பின் முதல் இரண்டு வரிக்குள் மட்டும் வேண்டாம். இன்ஸ்டகிராமில் தொடக்கம் மட்டும்தான் தெரியும், மிச்சத்தைத் தட்டித்தான் திறக்க வேண்டும். அந்த இடத்தில் என்ன, எங்கே, எதுவரை என்பது இருந்தால் தட்டாதவருக்கும் விஷயம் போய்ச் சேரும். "பேரன்புடையீர்" வேண்டுமென்றால் கரைவலை என்ற வரிக்குப் பிறகு வரட்டும்.

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஐந்து ஐந்து வரி இதே பதிவின் கீழே சேருங்கள்: பெயர், நாட்கள், நேரம், இடம், தொடர்பு. ஓவியம் பற்றிய வரியை மொழிபெயர்க்கச் சிரமப்பட வேண்டாம். மூன்று மொழியிலும் எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை மட்டும் உங்களைத் தவிர இன்னொருவர் பார்க்கட்டும். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

எந்தப் படத்தைப் போடுவது என்பதிலும் கொஞ்சம் யோசியுங்கள். முன்னால் போடுகிற ஓவியத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அது திறப்பு மாலையிலேயே விற்றுவிட்டால், ஒன்பது நாளும் "அது போயிட்டுது" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதனால் ஒன்று, அதேபோல இன்னும் இரண்டு மூன்று ஓவியங்கள் இருக்கும் வரிசையிலிருந்து எடுங்கள். இரண்டு, விற்றதும் முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் அந்த வரியைத் திருத்தி, "இல. 11 விற்பனையாகிவிட்டது, இதே வரிசையில் 9, 12, 15 உண்டு" என்று எழுதுங்கள்.

சனிக்கிழமை காலை எழுந்ததும் திறப்பு வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "கண்காட்சி தொடர்கிறது, 16 ஞாயிறு மாலை 5 மணி வரை" என்று போடுங்கள். வட்ஸ்அப் குழுக்களுக்கு அதே எழுத்தோடு வேறொரு ஓவியத்தைப் புதிதாக அனுப்புங்கள், வெள்ளிக்கிழமைச் செய்தி அங்கே கீழே போயிருக்கும். 17ஆம் திகதி பதிவை அழிக்க வேண்டாம். முதல் வரியை "கண்காட்சி நிறைவடைந்தது. மீதமுள்ள ஓவியங்களுக்கு அதே வட்ஸ்அப் இலக்கம்" என்று மாற்றி, நேரமும் இடமும் உள்ள வரிகளை எடுத்துவிடுங்கள். புது சிம்மை இன்னும் இரண்டு மாதமாவது அணைக்காமல் வைத்திருங்கள். சுவர் அளந்து, வீட்டில் பேசி, சம்பளம் வந்த பிறகு கேட்பவர்கள் அந்தக் காலத்தில்தான் வருவார்கள்.